1,600 கடைகளும் ஏன் மூடின? எட்டுப் படிகளில் ஏறிப் பார்த்தால் தெரியும்

அபிராமபுரம், மந்தைவெளி, அடையாறு பக்கம் இருபது ஆண்டுகளுக்கு முன்பு குடித்தனம் நடத்தியவர்களுக்கு "சுபிக்ஷா" என்ற பெயர் மறந்திருக்காது. பெரிய சாலையில் வாடகை அதிகம் என்பதால், உள்தெருவில் சின்னக் கடையாக அது இருக்கும். குளிர்சாதனம் கிடையாது. பளபளப்பும் கிடையாது. ஆனால் பருப்பு, எண்ணெய், சோப்பு, மருந்து எல்லாம் வெளியே விற்கும் விலையைவிடக் குறைவு. பையை எடுத்துக்கொண்டு நடந்தே போய் வாங்கி வரலாம்.

அந்தக் கடைகள் 2009-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சென்னையில் மட்டும் அல்ல. நாடு முழுவதும் இருந்த சுமார் 1,600 கடைகளும் மூடின. பதினைந்தாயிரம் பேர் அளவுக்கு வேலை பார்த்த நிறுவனம் அது.

மூடும் முன்பு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த முயற்சி நடக்காமல் இல்லை. நடந்தது. ஆனால் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதைக் கணக்குப் பார்ப்பது சிறிய கடை வைத்திருப்பவருக்கும், கூட்டுறவுச் சங்கம் நடத்துபவருக்கும், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் பயன்படும்.

எட்டுப் படிகள்

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர் ஜான் காட்டர். பத்து ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கும் அதிகமான நிறுவனங்கள் தங்களை மாற்றிக்கொள்ள முயன்றதை அவர் கவனித்தார். சில மட்டுமே பெரிய வெற்றி பெற்றதைக் கண்டார். 1995-இல் ஒரு கட்டுரையும், 1996-இல் ஒரு புத்தகமும் எழுதினார். ஒரு நிறுவனம் மாறவேண்டுமானால் எட்டுப் படிகள் ஏறவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

படிகள் இவை. முதலாவது, ஆபத்து வந்துவிட்டது என்பதை எல்லாரும் உணரச் செய்வது. இரண்டாவது, மாற்றத்தை நடத்திச் செல்ல அதிகாரமும் நம்பிக்கையும் உள்ள ஒரு குழுவைச் சேர்ப்பது. மூன்றாவது, எங்கே போகிறோம் என்ற தெளிவான குறிக்கோள். நான்காவது, அதைத் திரும்பத் திரும்ப எல்லாருக்கும் எடுத்துச் சொல்வது. ஐந்தாவது, வேலைக்குத் தடையாக இருப்பவற்றை அகற்றுவது. ஆறாவது, சீக்கிரத்தில் கண்ணுக்குத் தெரியும் சிறிய வெற்றிகளை ஈட்டுவது. ஏழாவது, அந்த வெற்றியோடு நின்றுவிடாமல் அடுத்த மாற்றத்துக்குப் போவது. எட்டாவது, புதிய வழக்கத்தை நிறுவனத்தின் இயல்பாகவே ஆக்குவது.

இதிலே ஒரு நிபந்தனை உண்டு. படிகளை வரிசையாக ஏறவேண்டும். இரண்டைத் தாண்டி நான்கில் கால் வைத்தால், வேகமாகப் போவது போலத் தோன்றும். ஆனால் ஏறியவர் கீழே விழுவார். சுபிக்ஷாவின் கதையை இந்தப் படிகளில் வைத்துப் பார்க்கலாம்.

தெருக்கடையிலிருந்து நாடு முழுவதும்

ஐ.ஐ.டி. சென்னையிலும் ஐ.ஐ.எம். அகமதாபாத்திலும் படித்த ஆர்.சுப்பிரமணியன், 1997-இல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தார். வழிமுறை எளிது. நிறையச் சரக்கை மொத்தமாக, கையில் பணம் கொடுத்து வாங்குவது. அதற்காகக் கிடைக்கும் தள்ளுபடியில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே விட்டுக்கொடுப்பது. கடைக்கு அலங்காரம் இல்லை என்பதால் செலவும் குறைவு. ஏழு, எட்டு ஆண்டுகள் இந்தக் கடைகள் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தன. எண்ணிக்கை 150-ஐ ஒட்டியிருந்தது.

2000-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் இதில் பணம் போட்டது. பிறகு 2005, 2006-இல் பெரிய திருப்பம் வந்தது. தமிழ்நாட்டோடு நிற்பதில்லை, நாடு முழுவதும் பரவுவது என்று முடிவாயிற்று. கடைகள் பத்து மடங்கு ஆயின. 2008-இல் 1,600-ஐத் தாண்டின. காய்கறியும் செல்பேசியும் சேர்ந்தன.

அப்போது பங்குக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? 2008-இல் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் பத்து சதவிகிதப் பங்கை 230 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. அந்தக் கணக்குப்படி மொத்த நிறுவனத்தின் மதிப்பு 2,300 கோடி.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 230 கோடி சுபிக்ஷாவின் கல்லாவுக்கு வரவில்லை. பங்கை விற்றது ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர், பணமும் அதற்கே போயிற்று. ஒருவர் வீட்டை விற்றால் பணம் விற்றவருக்குத்தானே போகும்? வீட்டுக் கூரை ஒழுகினால், அந்தப் பணம் அதைச் சரிசெய்யாது. வெளியே 2,300 கோடி என்று பேச்சு. உள்ளே புதுக்கடைகளுக்கு வேண்டிய பணமோ வங்கிக் கடனிலிருந்து வந்தது. கடன் சுமார் 750 கோடி வரை ஏறியது. உரிமையாளர்கள் போட்ட சொந்த முதல் அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாயிற்று. உலகம் முழுவதும் கடன் கிடைப்பது கடினமாயிற்று. அக்டோபரில் சுபிக்ஷாவின் கையில் ரொக்கம் தீர்ந்துவிட்டது. ஊழியர் சம்பளம் பாக்கி, கடை வாடகை பாக்கி, சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி என்று எல்லாமே நின்றன.

பணம் தீர்ந்தால் கடை எப்படிச் சாகிறது?

சுபிக்ஷாவின் உள்கணக்கு இது அல்ல. விஷயம் விளங்குவதற்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்.

கடையில் 6 லட்சம் ரூபாய்ச் சரக்கு நிறைந்திருக்கிறது. தினம் 40,000 ரூபாய் விற்கிறது. மாதம் 12 லட்சம். நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் என்றால் 1,20,000. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம். மாதம் 20,000 மிச்சம்.

இப்போது பணம் இல்லாமல் சரக்குப் பாதியாகிறது. விற்பனையும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி ஆகாது. அதைவிட அதிகமாகச் சரியும். ஏனென்றால் எண்ணெய் இருந்து பருப்பு இல்லாத கடைக்கு யாரும் இரண்டு முறை போவதில்லை. எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும் கடைக்குப் போய்விடுவார்கள். விற்பனை தினம் 16,000 என்று ஆனால், மாத லாபம் 48,000 ரூபாய்தான். செலவோ அதே ஒரு லட்சம். ஒரு கடையில் மாதம் 52,000 ரூபாய் நஷ்டம். 1,600 கடைகளுக்கு எட்டுக் கோடிக்கு மேல்.

நஷ்டம் வந்தால் சரக்கு வாங்க இன்னும் பணம் குறையும். சரக்குக் குறைந்தால் ஆள் வரத்துக் குறையும். ஒரு சுழல்போல இது கீழே இழுத்துச் செல்லும். கடை நோய்ப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருப்பவர் அறிய ஓர் அடையாளம் உண்டு. சீயக்காயும் ஊதுவத்தியும் இருக்கும். சர்க்கரையும் எண்ணெயும் அரிசியும் இருக்காது. தினம் போகும் சரக்குக்குத்தான் முதலில் பணம் வேண்டும். அது தீர்ந்தது என்றால், கல்லாவும் தீர்ந்தது என்று பொருள்.

மூன்று படிகள் ஏறிய கதை

2009 தொடக்கத்தில் நிறுவனர் பகிரங்கமாகப் பேசினார். கையில் பணம் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். கடைகளை மீண்டும் திறக்கச் சுமார் 300 கோடி ரூபாய் வேண்டும் என்றார். வங்கிகளிடம் கடனைச் சீரமைக்கக் கேட்கப்பட்டது. கடனைத் திருப்பிக் கொடுக்கும் தவணையையும் வட்டியையும் வங்கிகள் எல்லாம் சேர்ந்து மாற்றியமைக்கும் ஏற்பாடு அது.

இதைக் காட்டரின் படிகளில் வைத்துப் பார்ப்போம்.

முதல் படி, ஆபத்தை உணர்த்துவது. இது நடந்தது. ஆனால் எப்போது? கல்லா காலியான பிறகு. மேலாளர்களில் நாலில் மூன்று பங்கு பேராவது "இப்படியே போனால் ஆகாது" என்று உண்மையாக நம்பவேண்டும் என்கிறார் காட்டர். சுபிக்ஷாவில் அந்த உணர்வு 2006-லும் 2007-லும் வந்திருக்கவேண்டும். அப்போதோ ஊரெங்கும் அவசரம் வேறு விதமாக இருந்தது. எப்படியாவது கடை எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்ற அவசரம்! ரிலையன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மளிகைக் கடைகளைத் திறக்க ஆரம்பித்த காலம் அது. முந்திக்கொள்ளவேண்டும் என்ற துடிப்பு நியாயமானதே. ஆனால் முந்துவதற்கான அவசரம் வேறு. திருந்துவதற்கான அவசரம் வேறு. முன்னது கடனை ஏற்றும். பின்னது கடனைப் பார்த்துக் கொஞ்சம் நில் என்று சொல்லும்.

மூன்றாவது படி, குறிக்கோள். "பழையபடி எல்லாக் கடைகளையும் திறப்போம்" என்பது குறிக்கோளாகக் கேட்க நன்றாயிருக்கும். ஆனால் பழையபடி இருந்ததால்தானே பணம் தீர்ந்தது? எத்தனை கடை போதும், எந்த ஊரை விட்டுவிடலாம், செல்பேசி வியாபாரம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுப் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் ஊழியருக்கும் சரக்குக்காரருக்கும் ஐந்து நிமிஷத்தில் புரியவேண்டும். புதுப் பணம் கேட்பது ஒரு திட்டத்தின் விலை. அதுவே திட்டம் ஆகிவிடாது.

நான்காவது படி, எடுத்துச் சொல்வது. பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று. ஆனால் சம்பளம் வராத ஊழியருக்கு அறிக்கை அரை வயிற்றுக்கும் காணாது. பல இடங்களில் காவலாட்களுக்குப் பணம் தராததால் அவர்கள் விலகிப் போனார்கள். காவல் இல்லாத கடைகளிலிருந்து பொருள்கள் பறிபோயின என்று நிறுவனமே சொன்னது. எடுத்துச் சொல்வது என்பது வார்த்தை மட்டும் இல்லை. சம்பளப் பட்டியலும் பேசும்.

தாண்டிப்போன இரண்டாவது படி

இதுவரை சொன்னவை அரைகுறையாக ஏறிய படிகள். ஏறாமலே தாண்டிப் போன படி எது? இரண்டாவது.

காட்டரின் கணக்கில், தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து பேரும், பிறகு பெரிய நிறுவனத்தில் இருபது முதல் ஐம்பது பேரும் சேர்ந்த வலுவான குழு இல்லாவிட்டால் மாற்றம் நடக்காது. அது தலைவரின் நண்பர்கள் குழு அல்ல. பணம் போட்டவர், கடன் கொடுத்தவர், சரக்கு தருபவர், கடையை நடத்துபவர் என்று எல்லாப் பக்கமும் உட்கார்ந்து, ஒரே கணக்கைப் பார்த்து, ஒரே முடிவுக்கு வரும் குழு.

சுபிக்ஷாவில் அப்படி ஒரு கூட்டணி உருவாகவில்லை. நிறுவனத்தின் முகமும் குரலும் நிறுவனர் ஒருவரே. பங்குதாரரான ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர், தனக்குத் தகவல் சரியாகத் தரப்படவில்லை என்று வெளிப்படையாகவே குறை சொன்னது. நிறுவனர் அதை மறுத்தார். யார் சொன்னது சரி என்பது இங்கே முக்கியம் இல்லை. வீடு எரியும்போது வீட்டுக்காரரும் பங்காளியும் தெருவில் நின்று சண்டை போட்டால், தண்ணீர்க் குடத்தோடு ஓடி வருகிறவன் என்ன செய்வான்? குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். கடன் கொடுத்தவர்களும் சரக்குக்காரர்களும் அப்படித்தான் பின்வாங்கினார்கள்.

வங்கிகளுக்குள்ளும் ஒற்றுமை வரவில்லை. ஒரு கடன்காரர் மட்டும் தவணையைத் தள்ளிவைத்து, இன்னொருவர் வழக்குப் போட்டால், தள்ளிவைத்தவர் ஏமாளி. அதனால் எல்லாரும் சேர்ந்தால்தான் கடன் சீரமைப்பு பலிக்கும். சுபிக்ஷாவில் கோட்டக் மகிந்திரா வங்கி நிறுவனத்தைக் கலைக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சீரமைப்புத் திட்டம் கரை சேரவில்லை. கடைசியில் கலைப்பு உத்தரவே வந்தது. நிறுவனரின் வேறு நிதி நிறுவனங்கள் தொடர்பாகப் பின்னாளில் எழுந்த வழக்குகள் தனிக் கதை. அதை இங்கே கலக்கவேண்டியதில்லை.

கைவிட்ட ஆறாவது படி

ஆறாவது படி சிறிய வெற்றி. அதுவும் சீக்கிரத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி.

மேலே சொன்ன கணக்கையே மீண்டும் எடுப்போம். ஒரு கடையை நிரப்ப 6 லட்சம் என்றால், 1,600 கடைகளை நிரப்ப 96 கோடி. நூறு கடைகளை நிரப்ப 6 கோடி போதும். சுபிக்ஷா பிறந்து வளர்ந்த ஊர் சென்னை. வாடிக்கையாளருக்குப் பழக்கம், சரக்குக்காரர்கள் பக்கத்தில். இங்கே நூறு கடைகளை மட்டும் நிரப்பி, சம்பளத்தை நாள் தவறாமல் கொடுத்து, மூன்று மாதம் லாபத்தில் நடத்திக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு சரக்குக்காரர் இன்னொருவரிடம், "பணம் ஒழுங்காக வருகிறது" என்று சொல்லியிருப்பார். வங்கி மேலாளர் கடையில் போய்ப் பார்த்து, தன் மேலிடத்துக்கு எழுதியிருப்பார். நம்பிக்கை பேச்சில் வளர்வதில்லை. நிறைந்த அலமாரியைப் பார்த்துத்தான் வளரும்.

ஆனால் 1,600 கடைகளுக்கும் ஒரே நேரத்தில் பணம் வரட்டும் என்று காத்திருந்ததில், எல்லாமே ஒன்றாக வாடின. ஒரு செடிக்குக்கூட முழுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

சிறிய வெற்றிக்காகப் பெரும்பகுதியை மூடவேண்டும் என்றால், அது ஒரு தலைவருக்கு மிகக் கசப்பான வேலை. மூடுகிற ஒவ்வொரு கடையிலும் வேலை போகும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆயினும் எல்லாக் கடையையும் காப்பாற்றப் பார்த்ததால், ஒரு குடும்பத்துக்கும் வேலை மிஞ்சவில்லை என்பதே முடிவாயிற்று. ஆறாம் படி இல்லாமல் ஏழாவதும் எட்டாவதும் வர வழியே இல்லை. ஐந்தாவது படியும் அப்படித்தான். தடைகளில் பெரிய தடை பணம் இல்லாததே. அதை அகற்ற வேண்டியவர்கள் இரண்டாம் படியிலேயே சேராமல் போனார்கள்.

அதே கடன், வேறு முடிவு

லேமன் விழுந்ததால்தான் சுபிக்ஷா விழுந்தது, வேறு யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஒருவர் வாதிக்கலாம். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த அடிதான் அது. மற்றப் பாதியைப் பார்க்க, இன்னொரு நிறுவனத்தைப் பார்க்கவேண்டும்.

வட இந்தியாவில் பெரிதாகப் பரவியிருந்த விஷால் ரீடெய்ல் என்ற கடைத் தொடருக்கும் அதே காலத்தில் அதே நோய் வந்தது. வேகமாகக் கடை திறந்தது, கடனில் திறந்தது, 2008 நெருக்கடியில் மூச்சுத் திணறியது எல்லாம் ஒன்றே. கடனும் 700 கோடிக்கு மேல். ஆனால் அங்கே வங்கிகள் சேர்ந்து கடனைச் சீரமைத்தன. பிறகு டி.பி.ஜி. என்ற முதலீட்டு நிறுவனமும் ஸ்ரீராம் குழுமமும் வியாபாரத்தை வாங்கிக்கொண்டன. நிறுவனரின் கையிலிருந்து கடை போயிற்று. ஆனால் கடை பிழைத்தது. அதுவே விஷால் மெகா மார்ட் என்ற பெயரில் இன்று நாடு முழுவதும் நடக்கிறது. 2024 டிசம்பரில் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கும் வந்தன.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? கடனின் அளவில் இல்லை. காலத்தில் இல்லை. ஒரு இடத்தில் பணக்காரர்களும் வங்கிகளும் புது முதலாளியும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். இன்னொரு இடத்தில் அந்த மேசையே போடப்படவில்லை. உட்காரச் சம்மதித்ததற்கு நிறுவனர் கொடுத்த விலை, உரிமையை விட்டுக்கொடுப்பது. கடையா, உரிமையா என்ற கேள்வி வந்தபோது ஒன்றை இழந்துதான் மற்றதைக் காக்க முடிந்தது.

எட்டுப் படிகளால் ஆகாதது

எட்டுப் படிகள் மந்திரம் இல்லை. அதற்கும் எல்லை உண்டு.

ஒரு நிறுவனத்தில் உண்மையான மாற்றம் வேரூன்ற ஐந்து முதல் பத்து ஆண்டு ஆகும் என்று காட்டரே சொல்கிறார். சுபிக்ஷாவுக்கோ 2008 அக்டோபரிலிருந்து கடைகள் மூடிய வரை கிடைத்தது ஐந்து மாதம் கூட இல்லை. ஓடுகிற வண்டியின் சக்கரம் கழன்ற பிறகு வண்டியோட்டிக்குப் பாடம் நடத்த நேரம் இருக்காது; முதலில் மாட்டை நிறுத்தவேண்டும். அதுபோல ரொக்கம் தீர்ந்த கடைக்கு முதலில் வேண்டியது, பணம் கசியும் ஓட்டையை அடைப்பது. நஷ்டக் கடைகளை மூடுவது, நல்ல கடைகளில் மட்டும் சரக்கு நிரப்புவது, கடன்காரரை ஒரே இடத்தில் கூட்டுவது. எட்டுப் படி பிறகுதான்.

கல்லா நிறைந்திருந்த 2006-இலேயே இரண்டாம் படியை ஏறியிருக்கவேண்டும். அந்த ஆண்டில், "ஒரு மாநிலத்தில் லாபம் காட்டாமல் அடுத்த மாநிலத்துக்குப் போகவேண்டாம்" என்று எதிர்த்துப் பேசும் தைரியமும் அதிகாரமும் உள்ள பத்துப் பேர் இயக்குநர் சபையிலும் மேலாளர் கூட்டத்திலும் இருந்து, அவர்கள் பேச்சு எடுபட்டிருந்தால், கதை வேறாகியிருக்கலாம். வளரும்போது "போதும்" என்று சொல்ல ஆள் வைத்துக்கொள்ளாத நிறுவனத்துக்கு, விழும்போது "பிடி" என்று சொல்லவும் ஆள் கிடைப்பதில்லை.

இதை வைத்து எந்த நிறுவனத்தையும் கணக்குப் பார்க்கலாம். நஷ்டத்தில் இருக்கும் ஒரு கடையோ, ஆலையோ, கூட்டுறவுப் பண்டகசாலையோ "மீண்டு வருகிறோம்" என்று அறிவித்தால், நான்கு கேள்விகள் கேட்டால் போதும். இதைச் சொல்பவர் ஒருவரா, அல்லது கடன் கொடுத்தவரும் ஊழியரும் சரக்குக்காரரும் சேர்ந்தே சொல்கிறார்களா? எதை விட்டுவிடப் போகிறோம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதா? மூன்று மாதத்தில் காட்டப்போகும் முதல் வெற்றி எது, அது எந்தக் கடையில்? சம்பளம் நாள் தவறாமல் வருகிறதா?

நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால், படிகள் வரிசையாக ஏறப்படுகின்றன என்று நம்பலாம். முதல் கேள்விக்கே தலைவரின் பெயர் ஒன்று மட்டும் பதிலாக வந்தால், இரண்டாம் படி அங்கே இல்லை. அந்த நேரத்தில் பாக்கி வைத்திருப்பவர் உடனே கணக்கை முடித்துக்கொள்வது நல்லது.